ஒரு சதுர மீட்டரில் எத்தனை மண்புழு? குழி தோண்டி எண்ணுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பக்கம் எந்த மாசம் தோண்டினா சரியான எண்ணிக்கை கிடைக்கும்?

கார்த்திகைக் கடைசியில் தொடங்கி தை முடிவதற்குள் எண்ணிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மண்ணை ஆழம் வரை நனைத்திருக்கும். புழுக்கள் மேல் மண்ணுக்கு வந்து, தின்று, குஞ்சும் பொரித்திருக்கும். பெருமழை பெய்த மறுநாள் வேண்டாம். தண்ணீர் தேங்கிய மண்ணில் புழு மேலேறி இடம் மாறும், களிமண்ணாக இருந்தால் கையில் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாது. மழை விட்டு மூன்று நான்கு நாள் கழித்து ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். அதுதான் பதம்.

சித்திரை, வைகாசியில் தோண்டிவிட்டு "எங்கள் மண்ணில் புழுவே இல்லை" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அப்போது புழு இருக்கும், ஆனால் நம் குழிக்குக் கீழே இருக்கும். வெயில் காலத்தில் அது ஆழத்துக்குப் போய், சின்ன அறை போல மண்ணை வழித்து, முடிச்சுப் போட்ட மாதிரி சுருண்டு கிடக்கும். அப்படிச் சுருண்ட புழு குழியில் ஒன்றிரண்டு அகப்பட்டால், எண்ணும் காலம் தவறிவிட்டது என்று அர்த்தம். வருஷா வருஷம் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் எல்லா வருஷமும் இதே பருவத்தில், மழை விட்டு ஏறக்குறைய இதே இடைவெளியில் எடுங்கள்.

குழி எவ்வளவு பெரிசு?

வெப்பமண்டல நாடுகளில் மண் உயிர்களை எண்ணுகிறவர்கள் வழக்கமாக எடுப்பது 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். அப்படிப் பதினாறு குழியை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒரு சதுர மீட்டர். எனவே ஒரு குழியின் எண்ணிக்கையை 16ஆல் பெருக்க வேண்டும். நேரம் குறைவு என்றால் 20 செ.மீ. கனசதுரமும் எடுக்கலாம், அதற்குப் பெருக்கும் எண் 25. இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். ஆழம் மாறினால் பிடிபடும் புழுவும் மாறும்.

பெருக்கும் எண் 16 என்பதால் ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழியில் நீங்கள் பார்க்காமல் விட்ட ஒரே ஒரு புழு, அந்தக் குழியின் சதுர மீட்டர்க் கணக்கில் 16 புழுவாகக் குறையும். அளவெடுப்பதிலும் பிரிப்பதிலும் இவ்வளவு கண்டிப்பு காட்டுவது அதனால்தான்.

தோண்டறது, பிரிக்கறது எப்படின்னு ஒவ்வொரு படியா சொல்லுங்க.

காலையிலேயே தொடங்குங்கள். வெயில் ஏறிய பிறகு தார்ப்பாயில் பரப்பிய மண் சூடாகி, புழு காய்ந்து சுருங்கிவிடும். தேவையானவை: நேரான வாயுள்ள மண்வெட்டி, அளவு குறித்த குச்சி, வெளிர் நிறத் தார்ப்பாய் அல்லது பழைய வேட்டி, ஓர் அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீர், ஒரு பக்கெட்.

முதலில் சதுரத்தைக் குறித்து, அதன் மேல் கிடக்கும் சருகை அள்ளித் தனியாக வையுங்கள். அதில் இருக்கும் புழுவைத் தனியே எண்ண வேண்டும், ஏனென்றால் அவை பெரும்பாலும் மண்ணுக்குள் வாழாத வேறு வகை. பிறகு நாலு பக்கமும் மண்வெட்டியை நேராக இறக்கி, கூடிய மட்டும் சீக்கிரமாக வெட்டுங்கள். அதிர்வு பட்டதும் ஆழ வளை போடும் புழு கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். மெதுவாகக் கொத்திக் கொத்தித் தோண்டினால் இழப்பது அந்தப் பெரிய புழுக்களைத்தான். வெட்டிய கட்டியை அப்படியே தூக்கித் தார்ப்பாயில் வையுங்கள்.

ஒரு குழி மண் ஏறத்தாழ 19 லிட்டர். ஈரத்தோடு 25 கிலோவைத் தாண்டும். இதை இரண்டு பேர் உட்கார்ந்து கைப்பிடி கைப்பிடியாக உடைத்துப் பார்க்க வேண்டும். கட்டியை நசுக்காமல், வெடிப்பு ஓடும் வழியில் பிளந்தால் உள்ளே இருக்கும் வளை முழுசாகத் தெரியும். புல் வேரை உதறிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அருகம்புல் வேர்க்கட்டியைப் பிரித்தால் நூல் மாதிரி வெளிறிய குஞ்சுப் புழு வேரோடு வேராகச் சுற்றிக்கொண்டிருக்கும். பார்த்து முடித்த மண்ணைத் தார்ப்பாயின் மறுபக்கம் தள்ளுங்கள், கண்ட புழுவைத் தட்டுத் தண்ணீரில் போடுங்கள். பழகியவர்கள் இருவர் என்றால் ஒரு குழிக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். களிமண் என்றால் இன்னும் கூடும்.

ஆழமா ஓடற புழுவைப் பிடிக்க ஃபார்மலின் ஊத்தணுமா?

வேண்டாம். ஃபார்மலின் மண்ணில் இருக்கும் மற்ற உயிர்களைக் கொல்லும், ஊற்றுகிறவருக்கும் கெடுதல். அதே வேலையைச் சமையலறைக் கடுகு செய்யும்.

வறுக்காத கடுகை மிக்ஸியில் பொடியாக்கி, லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். மூக்கில் ஏறும் நெடி அப்போதுதான் உண்டாகிறது. புழுவை மேலே வரவைப்பது அந்த நெடிப் பொருள்தான். சுடுதண்ணீர் விட்டால் அதை உண்டாக்கும் நொதி கெட்டுப்போய், வெறும் கடுகுச் சாந்துதான் மிஞ்சும். பிறகு மீதித் தண்ணீர் கலந்து துணியில் வடிகட்டி, குழியின் அடியில் இரண்டு லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். பதினைந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். மேலே வரும் புழுவை முழுதாக வெளியே வந்த பிறகே எடுத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாதியில் இழுத்தால் அறுந்துவிடும். கடுகுத் தண்ணீர் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

இப்படிக் கிடைத்ததைத் தனிக் கட்டத்தில் எழுதி, கையால் பிரித்ததோடு கடைசியில் கூட்டுங்கள். ஒரு குழிக்கு ஊற்றினால் எல்லாக் குழிக்கும் ஊற்ற வேண்டும்.

மண்வெட்டியில அறுந்த துண்டு ரெண்டு கிடந்தா, ஒண்ணா ரெண்டா?

தலைத்துண்டை மட்டும் எண்ணுங்கள். தலைப்பக்கம் கூம்பி இருக்கும், தண்ணீரில் விட்டால் அந்த முனைதான் துழாவிக்கொண்டு முன்னால் போகும். வளர்ந்த புழுவென்றால் தலையை ஒட்டி வழுவழுப்பான பட்டை ஒன்று இருக்கும். வால் துண்டு கிடைத்து அதன் தலை குழியில் எங்கும் கிடைக்கவில்லை என்றால், புழுவின் முன்பாதி குழிக்கு வெளியே நிற்கிறது. அதைச் சேர்க்க வேண்டாம். எடை போடுகிறவர்கள் மட்டும் எல்லாத் துண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

கிடைச்சது என்ன புழுன்னு பெயர் தெரியாம எண்ணி என்ன பிரயோஜனம்?

பிரயோஜனம் உண்டு, ஆனால் மூன்று கூறாகவாவது பிரித்துவிடுங்கள்: சருகிலும் சாணத்திலும் வாழ்பவை, மண்ணுக்குள் பக்கவாட்டில் துளைத்து மண்ணையே தின்பவை, செங்குத்தாக வளை போட்டு மேலே வந்து சருகை இழுப்பவை. பண்ணை வேலை ஒவ்வொன்றையும் வேறு மாதிரி தாக்கும். உழவு செங்குத்து வளையை அறுக்கும், சருகை எரித்தால் மேல்தட்டுப் புழு போகும். மொத்த எண்ணிக்கை மாறாமல் இருந்தும் இந்த மூன்றின் பங்கு மாறியிருந்தால், அதுவே பெரிய சேதி.

சென்னைச் சுற்றுப்புற மண்ணில் அடிக்கடி அகப்படுவது லாம்பிட்டோ மாரிட்டி, பிளஸ் ஒன் விலங்கியல் படித்தவர்கள் பாடத்தில் பார்த்த அதே புழு. நீளம் 8 முதல் 21 செ.மீ. வரை இருக்கும். வெளிர் பழுப்பு உடல், முன்பக்கம் கொஞ்சம் ஊதா சாயல். உடலில் வளையம் வளையமாகத் தெரிவதைக் கண்டம் என்பார்கள்; தலையிலிருந்து எண்ணி 14ஆவது கண்டத்திலிருந்து 17ஆவது கண்டம் வரை பட்டை வந்திருந்தால் வளர்ந்த புழு. பட்டை இல்லாதவற்றை 'குஞ்சு' என்று தனியே எழுதுங்கள். பருவமழை முடியும்போது குஞ்சுதான் அதிகமாக இருக்கும், அது இயல்பு. வளர்ந்தவை மட்டும் ஒன்றிரண்டு இருந்து குஞ்சே இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

மரவட்டை, பூரான், காண்டாமிருக வண்டின் வெள்ளைப் புழு இவற்றுக்குக் கால் இருக்கும், எனவே குழப்பம் வராது. நூல் போல வெள்ளையாக, ஒரு செ.மீ. அளவில் நெளியும் பானைப்புழுவைத்தான் பலர் மண்புழுக் குஞ்சென்று சேர்த்துவிடுகிறார்கள். மண்புழுக் குஞ்சின் தோலுக்குள் இளஞ்சிவப்பாய் ரத்த ஓட்டமும் தின்ற மண்ணும் தெரியும், பானைப்புழு பால்வெள்ளையாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: மண்புழு உரம் போட்ட பாத்தியில் எண்ணினால் உரத்தோடு வந்த யூட்ரிலஸ், ஐசீனியா புழுக்கள் கணக்கை வீங்க வைக்கும். அவை உரத்தொட்டிப் புழுக்கள். மட்கு தீர்ந்ததும் வயல் மண்ணில் தங்குவது அரிது. அவற்றைக் கண்டால் தனியே எழுதி, மொத்தத்தில் சேர்க்காமல் விடுங்கள்.

கையால பிரிச்சதுல எத்தனை தப்பிச்சுதுன்னு எப்படித் தெரியும்?

முதல் குழியிலேயே சோதியுங்கள். பார்த்து முடித்துத் தள்ளிய மண்ணிலிருந்து ஐந்து லிட்டர் எடுத்து, ஒரு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையிலோ இரட்டையாக மடித்த கொசுவலையிலோ போட்டுத் தண்ணீரில் அலசுங்கள். மிஞ்சுகிற வேரிலும் கல்லிலும் புழு நெளிகிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் சரி, அதே வேகத்தில் போகலாம். இரண்டு மூன்று கிடைத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தப்பிப்பவை எப்போதும் குஞ்சுகள்தான், பெரிய புழு யார் கண்ணிலும் படும்.

அப்புறம், ஆளுக்கு ஆள் கண் வேறுபடும். நிலத்தின் இரண்டு பக்கத்தை ஒப்பிடும்போது, சருகு பரப்பி மூடாக்குப் போட்ட பக்கம் முழுவதையும் ஒருவரும், உழுத பக்கம் முழுவதையும் மற்றவரும் பிரித்தால், கடைசியில் அளந்தது நிர்வாகமா ஆளா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு குழிக்கும் இடம் மாறி உட்காருங்கள்.

ஒரு குழி எடுத்துப் பதினாறால பெருக்கினா போதாதா?

போதாது. மண்புழு சீராகப் பரவி இருக்காது. சாணம் விழுந்த இடம், சொட்டுநீர் சொட்டும் இடம், வாழைக்கட்டையின் நிழல் என்று திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு குழியில் பத்து, இரண்டடி தள்ளி ஒன்றுமில்லை என்பது சாதாரணம். ஒரு பக்கத்துக்கு ஐந்து குழிக்குக் குறையக் கூடாது, ஆறு நல்லது. இடத்தை முன்னாடியே காகிதத்தில் குறித்துவிடுங்கள். வயலில் இறங்கியபின் தேர்ந்தால் கால் தானாகவே ஈரமும் நிழலுமான இடத்துக்குப் போகும். புழு இல்லாத குழியையும் பூஜ்யம் என்று எழுதிச் சராசரியில் சேர்க்க வேண்டும். அதை 'சரியில்லாத குழி' என்று ஒதுக்கினால் கணக்கே பொய்.

கீரை போடற எங்க நிலத்துல ஒரு பக்கம் மூடாக்கு, ஒரு பக்கம் வழக்கம்போல கொத்தறோம். எண்ணிக்கையை வச்சு மூடாக்குதான் காரணம்னு சொல்லலாமா?

சோழவரம் பக்கம் இருப்பது போன்ற ஒரு கீரைப் பண்ணையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

ஒரு பக்கம் முருங்கை வரிசைக்கு நடுவே வைக்கோலும் வாழைச் சருகும் போட்ட பாத்தி, இரண்டு வருஷமாகக் கொத்தவில்லை. இன்னொரு பக்கம் ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் மண்ணைக் கொத்திப் புரட்டி, வெறும் தரையாக்கி விதைக்கிற பாத்தி. ஒரே காலையில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு குழி, 25 செ.மீ. சதுரம்.

மூடாக்குப் பக்கம்: 3, 9, 5, 0, 11, 8. மொத்தம் 36, சராசரி 6. சதுர மீட்டருக்கு 96.

கொத்திய பக்கம்: 1, 0, 4, 2, 0, 5. மொத்தம் 12, சராசரி 2. சதுர மீட்டருக்கு 32.

மூன்று மடங்கு! இந்த இடத்தில் நிறுத்தி "மூடாக்கு போட்டால் புழு மூன்று மடங்காகும்" என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கு முன் குழிக்குக் குழி எவ்வளவு சிதறல் என்று பாருங்கள். மூடாக்குப் பக்கத்தின் திட்ட விலக்கம் 4.1, கொத்திய பக்கத்துக்கு 2.1. அதை ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்து 16ஆல் பெருக்கினால், 96 என்ற எண் கிட்டத்தட்ட 27 கூடவோ குறையவோ ஆடும், 32 என்ற எண் 14 அளவுக்கு ஆடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 64. 27, 14 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அந்த வித்தியாசத்தின் ஆட்டம் 30. அதாவது வித்தியாசம் தன் ஆட்டத்தைப் போல இரண்டு மடங்கு சொச்சம்தான். ஆறு குழிக்கு இது விளிம்பில் நிற்கிற முடிவு. மூடாக்குப் பக்கம் புழு அதிகம் என்று நம்ப இடமிருக்கிறது, ஆனால் 'மூன்று மடங்கு' என்ற அளவை நம்ப முடியாது. அடுத்த மார்கழியில் திரும்ப எடுத்து, அப்போதும் இதே பக்கம் சாய்ந்தால் துணிந்து சொல்லலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் காரணம். முருங்கை நிழல் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. தண்ணீர் பாயும் வாய்க்கால் எந்தப் பக்கம்? போன வருஷம் தொழு உரம் எங்கே கொட்டினீர்கள்? இவற்றில் எது வேண்டுமானாலும் இந்த 64 புழுவுக்குக் காரணமாகலாம். அதனால், கொத்துகிற பாத்திகளிலேயே ஒன்று விட்டு ஒன்றாக மூடாக்குப் போடுங்கள். நிழல், தண்ணீர், உரம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். மூடாக்குப் போடுவதற்கு முன் இந்த வருஷமே ஒரு தடவை எண்ணிவிடுங்கள். இரண்டு பருவமழை கடந்து அடுத்தடுத்த பாத்தியிலிருந்து ஜோடி ஜோடியாகக் குழி எடுங்கள். ஜோடிக்குள் கிடைக்கும் வித்தியாசத்தைத்தான் மூடாக்கின் பலன் என்று சொல்லலாம். ஒரே பருவத்தில் பலன் தெரியவில்லை என்று மூடாக்கை அள்ளி எறிந்துவிடாதீர்கள். முட்டைக்கூடு பொரித்து, குஞ்சு வளர்ந்து, திரும்ப முட்டை போட அவகாசம் வேண்டும்.

மூடாக்கும் போடறோம், உழவும் குறைச்சாச்சு, ஆனா புழு ஏறவே இல்லை. ஏன்?

நான் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடி நீரில் கலந்திருப்பது பல பத்தாண்டுக் கதை. ஈ.சி.ஆர். ஓரத்திலும் சில கிணறுகள் உப்பாகிவிட்டன. மண்புழு தோலால் மூச்சு விடுவது, உப்பை அது தாங்காது. கிணற்று நீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறனை மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துவிடுங்கள். தண்ணீர் உப்பு என்றால் மூடாக்கைக் குறை சொல்லி லாபமில்லை.

அடுத்தது மருந்து. கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி மண்புழுவுக்குக் கடும் நஞ்சு. மருந்துகள் மண்புழுவைப் பாதிக்கிறதா என்று வயலில் சோதிக்கும்போது, 'நிச்சயம் பாதிக்கும்' என்ற ஒப்பீட்டுக்காகவே அதைத் தெளிப்பார்கள். நாற்றழுகலுக்கு அதை ஊற்றுகிற பாத்தியில் புழு குறைந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஊற்றிய தேதியைப் பாத்திவாரியாக எழுதி வைத்திருந்தால், குழி எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்றாவது மண்ணே. திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோர மணலில் எவ்வளவு சருகு போட்டாலும் ஈரம் நிற்காது. அந்த மணலைச் செங்கல்பட்டு வண்டலோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். நகருக்குள் அடுக்ககத் தோட்டங்களில் கட்டட இடிபாட்டை நிரப்பி மேலே அரையடி செம்மண் போட்டிருப்பார்கள். 30 செ.மீ. தோண்டும்போது செங்கல்லும் சிமென்ட் காரையும் வந்தால் அதையே குறிப்பில் எழுதுங்கள். அங்கே புழு ஏறாததற்கு உழவோ மருந்தோ காரணமல்ல.

எத்தனை இருந்தா நல்ல மண்? ஒரு எண் சொல்லுங்க.

உலக உணவு வேளாண் நிறுவனத்தின் கண்ணால் பார்த்து மண்ணை மதிப்பிடும் கையேடு, 20 செ.மீ. கனசதுரத்தில் 30 புழுவுக்கு மேல் இருந்தால் நல்லது, 15க்குக் கீழே என்றால் மோசம் என்கிறது. அந்த மதிப்பீட்டு முறை நியூசிலாந்தில் உருவானது. ஆண்டு முழுதும் ஈரமிருக்கும் குளிர்நாட்டு மேய்ச்சல் மண்ணுக்கும், ஆறேழு மாதம் காய்ந்து கிடக்கும் நம் மண்ணுக்கும் அந்தக் கோடு ஒன்றாக இருக்க முடியாது. உங்கள் நிலத்திலேயே கொத்தாத ஒரு மூலையை, வேலி ஓரத்தையோ பழைய மரத்தடியையோ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆறு குழி, பாத்தியில் ஆறு குழி. அந்த மூலையில் கிடைப்பதுதான் உங்கள் மண்ணும் மழையும் எட்டக்கூடிய எண். பாத்தி அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள்.

மொட்டை மாடி குரோ பேக்ல எண்ணலாமா?

பையைக் கொட்டி எத்தனை புழு என்று எண்ணலாம், 'பைக்கு இத்தனை' என்று எழுதலாம். சதுர மீட்டராக மாற்ற வேண்டாம். அதில் இருப்பது தென்னை நார்க் கழிவும் மட்கும் கலந்த கலவை, நீங்கள் விட்ட புழுவும் பெரும்பாலும் உரத்தொட்டி வகை. வெயில் காலத்தில் பை சூடாகும்போது அது தப்பிக்கக் கீழே ஆழமும் இல்லை. நிலத்து எண்ணிக்கையோடு அதை ஒப்பிட முடியாது.